கேஷ் மேப்பிங் விடைகளில் திரும்பத் திரும்ப வரும் பிழைகள்: வகுப்புக்கு ஒரு குறிப்பு

உள்மதிப்பீட்டுத் தேர்வில் கேஷ் மேப்பிங் குறித்துக் கேட்ட வினாவுக்கு நீங்கள் எழுதிய விடைகளைத் திருத்தி முடித்தபின் இந்தக் குறிப்பை எழுதுகிறேன். டைரக்ட், ஃபுல்லி அசோசியேட்டிவ், செட் அசோசியேட்டிவ் ஆகிய மூன்று முறைகளின் வரையறையையும் படத்தையும் பெரும்பாலோர் நன்றாகவே எழுதியிருக்கிறீர்கள். ஒரு முகவரியைக் கையில் கொடுத்து, இது கேஷில் எந்த இடத்துக்குப் போகும் என்று கேட்டவுடன்தான் விடைகள் பல திசைகளில் பிரிகின்றன. அந்தப் பிழைகளை வரிசையாகப் பார்த்தால் அவை அனைத்தும் ஓரிரு குழப்பங்களிலிருந்தே கிளைத்தவை என்பது தெரிகிறது. ஆகவே அந்தக் குழப்பங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, தேர்வில் வந்த அதே வினாவை வைத்தே விளக்குகிறேன்.

வினா இதுதான். மெயின் மெமரி 64 கிலோபைட்; ஒவ்வொரு பைட்டுக்கும் தனி முகவரி உண்டு. கேஷ் 1 கிலோபைட். ஒரு பிளாக் 16 பைட். `0x2B7C` என்ற முகவரி டைரக்ட் மேப்பிங்கிலும், 4-வே செட் அசோசியேட்டிவ் மேப்பிங்கிலும் கேஷின் எந்த இடத்துக்குப் போகும்?

## பின்கோடும் கதவு எண்ணும்

கணக்குக்குள் போகுமுன் ஒரு தபால் அலமாரியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உண்மையான தபால் நிலையத்தில் இப்படிப் பிரிப்பதில்லை. நமக்காக நாமே அமைத்துக்கொள்ளும் அலமாரி இது. அதில் 0 முதல் 9 வரை எண்ணிட்ட பத்து அறைகள் உள்ளன. ஓர் அறையில் ஒரு நேரத்தில் ஓர் ஊரின் தபால் கட்டு மட்டுமே இருக்க முடியும். ஊரின் பின்கோட்டில் கடைசி இலக்கம் எதுவோ, அந்த எண்ணுள்ள அறையில்தான் அந்த ஊரின் கட்டை வைக்க வேண்டும் என்பது விதி.

நாகர்கோவில் 629001, எனவே அதன் கட்டு அறை 1-க்குப் போகிறது. குளச்சல் 629251, அதுவும் அறை 1-க்கே போகிறது. தக்கலை 629175, மார்த்தாண்டம் 629165; இரண்டும் அறை 5-க்கு உரியவை. அறை 1-ல் ஒரு கட்டு இருப்பதைப் பார்த்த மாத்திரத்தில் அது நாகர்கோவிலுடையதா குளச்சலுடையதா என்று சொல்ல முடியாது. அதனால் கட்டின்மேல் ஒரு சீட்டு ஒட்டி, பின்கோட்டின் மீதி இலக்கங்களை அதில் எழுதி வைக்கிறோம்: நாகர்கோவிலுக்கு 62900, குளச்சலுக்கு 62925. கடைசி இலக்கத்தைச் சீட்டில் எழுதத் தேவையில்லை. அறையின் எண்ணே அதைச் சொல்லிவிடுகிறது.

ஒரு கடிதத்தின் முழு முகவரியில் பின்கோடு தவிரக் கதவு எண்ணும் உண்டு. எந்த அறை என்று முடிவு செய்வதில் கதவு எண்ணுக்கு எந்தப் பங்கும் இல்லை. கட்டைக் கையில் எடுத்த பிறகு அதற்குள் எந்தக் கடிதம் என்று தேடும்போதுதான் அது பயன்படுகிறது.

இனிப் பெயர்களைப் பொருத்திக்கொள்ளலாம். மெமரியிலிருந்து கேஷுக்கு ஒரே தடவையில் நகர்த்தப்படும் பைட்டுகளின் தொகுதி பிளாக்; அதுதான் இங்கே தபால் கட்டு. ஒரு பிளாக்கைத் தாங்கும் கேஷ் இடம் லைன், அதுதான் அறை. பின்கோடு என்பது பிளாக் எண். லைனைத் தேர்ந்தெடுக்கும் பிட்டுகள் இண்டெக்ஸ். இருப்பது எந்த பிளாக் என்று அடையாளம் காட்டும் சீட்டு டேக். பிளாக்குக்குள் குறிப்பிட்ட பைட்டைக் காட்டும் பிட்டுகள் ஆஃப்செட். அதுதான் கதவு எண்.

சுருக்கமாக: முகவரியில் மூன்று பகுதிகள் உள்ளன. இடத்தைத் தேர்ந்தெடுப்பது இண்டெக்ஸ், அங்கே இருப்பது நாம் தேடுவதுதானா என்று உறுதி செய்வது டேக், உள்ளே எந்த பைட் என்று காட்டுவது ஆஃப்செட்.

## முதலில் சரியான வழி

64 கிலோபைட் என்பது 65,536 பைட். அதாவது 2-இன் 16-ஆம் அடுக்கு. ஆகவே முகவரிக்கு 16 பிட். பிளாக் 16 பைட். அதாவது 2-இன் 4-ஆம் அடுக்கு. ஆகவே ஆஃப்செட்டுக்கு 4 பிட். கேஷில் 1024 பைட் உள்ளன. 16-ஆல் வகுத்தால் 64 லைன்கள். 64 என்பது 2-இன் 6-ஆம் அடுக்கு என்பதால் டைரக்ட் மேப்பிங்கில் இண்டெக்ஸ் 6 பிட். மீதமுள்ள 16 − 4 − 6 = 6 பிட் டேக்குக்குப் போகிறது.

இப்போது `0x2B7C`-ஐ இரும எண்ணாக எழுதி, வலது ஓரத்திலிருந்து வெட்டிக்கொண்டு வர வேண்டும்.

```
0010 1011 0111 1100

001010 | 110111 | 1100
  10       55      12
```

டேக் 10, லைன் 55, ஆஃப்செட் 12. இதைத் தசம எண்ணிலும் செய்து பார்க்கலாம். `0x2B7C` என்பது 11132. அதை 16-ஆல் வகுத்தால் ஈவு 695, மீதி 12. ஈவுதான் பிளாக் எண், மீதிதான் ஆஃப்செட். 695-ஐ 64-ஆல் வகுத்தால் ஈவு 10, மீதி 55. ஈவு டேக், மீதி லைன் எண். இரண்டு வழியும் ஒரே விடையைத் தருகின்றன; வெட்டுவது என்பதே இரண்டின் அடுக்கால் வகுப்பதுதான் என்பதால் அப்படித்தான் தர வேண்டும்.

## பிளாக் எண்ணை மறந்து முகவரியையே வகுப்பது

விடைத்தாள்களில் மிக அதிகமாகக் கண்ட பிழை இது. "லைன் எண் = முகவரியை லைன்களின் எண்ணிக்கையால் வகுக்கக் கிடைக்கும் மீதி" என்று எழுதி, 11132-ஐ நேரடியாக 64-ஆல் வகுத்து, மீதி 60 என்று கண்டு, லைன் 60 என்று முடித்திருக்கிறீர்கள். சூத்திரம் பாதி சரி என்பதால்தான் இந்தப் பிழை கண்ணில் படாமல் போகிறது. மீதி எடுப்பது சரி. எதன் மீதி என்பதில்தான் தவறு.

```
பிளாக் எண் = முகவரி / பிளாக் அளவு      (ஈவு மட்டும்)
லைன் எண்  = பிளாக் எண் mod லைன்கள்
```

முதல் வரியை விட்டுவிட்டு இரண்டாம் வரிக்குத் தாவினால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். 60 என்பதை இரும எண்ணில் எழுதினால் 111100. அது முகவரியின் கடைசி ஆறு பிட்டுகள். அவற்றில் நான்கு பிட் ஆஃப்செட்டுக்கு உரியவை. அதாவது கதவு எண்ணைப் பார்த்து அறையைத் தேர்ந்தெடுத்துவிட்டோம்.

இந்தப் பிழையை நீங்களே கண்டுபிடிக்க ஒரு சோதனை உண்டு. பக்கத்து பைட்டின் முகவரியான 11133-ஐ எடுத்துக்கொண்டு அதே கணக்கைச் செய்யுங்கள். தவறான வழியில் அது லைன் 61 என்று வரும். ஆனால் 11132-உம் 11133-உம் ஒரே பிளாக்கில், 695-ஆம் பிளாக்கில், இருப்பவை. பிளாக் முழுவதும் ஒன்றாகத்தான் கேஷுக்கு வருகிறது. அதன் ஒரு பைட் லைன் 60-லும் அடுத்த பைட் லைன் 61-லும் இருக்கவே முடியாது. ஒரே பிளாக்கின் இரு பைட்டுகளுக்கு இரண்டு வெவ்வேறு லைன்கள் வந்தால், முதல் வகுத்தல் விட்டுப்போயிற்று என்று உறுதியாகச் சொல்லிவிடலாம்.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். வினாவில் சில சமயம் முகவரி தராமல் "மெயின் மெமரியின் 695-ஆம் பிளாக்" என்று நேரடியாகத் தந்துவிடுவார்கள். அப்போது முதல் வகுத்தலைச் செய்யக் கூடாது. அது ஏற்கெனவே செய்யப்பட்டுவிட்டது. வினாத்தாளில் இருப்பது பைட் முகவரியா பிளாக் எண்ணா என்பதை அடிக்கோடிட்டுக்கொண்ட பிறகே பேனாவை விடைத்தாளுக்குக் கொண்டுபோங்கள்.

சுருக்கமாக: பைட் முகவரி தந்தால் இரண்டு வகுத்தல், பிளாக் எண் தந்தால் ஒரு வகுத்தல்.

## இண்டெக்ஸை இடது ஓரத்தில் வைப்பது

பிட்டுகளின் எண்ணிக்கையைச் சரியாகக் கண்டபின் சிலர் அவற்றை இண்டெக்ஸ், டேக், ஆஃப்செட் என்ற வரிசையில் எழுதியிருந்தீர்கள். எண்ணிக்கை சரி என்பதால் இது சிறு தவறாகத் தோன்றலாம். ஆனால் அப்படி அமைத்த கேஷ் நடைமுறையில் ஏறக்குறைய பயனற்றதாகிவிடும்.

காரணம் பின்கோட்டிலேயே இருக்கிறது. நம் மாவட்டத்து ஊர்கள் எல்லாவற்றின் பின்கோடும் 629 என்றே தொடங்குகிறது. முதல் இலக்கத்தைப் பார்த்து அறையைத் தேர்ந்தெடுத்தால் எல்லா ஊர்களின் கட்டும் அறை 6-க்கே போட்டியிடும். மற்ற ஒன்பது அறைகளும் காலியாகவே கிடக்கும். மெமரியிலும் இதே நிலைதான். ஒரு நிரல் ஓடும்போது அருகருகே உள்ள பிளாக்குகளையே அடுத்தடுத்துத் தொடுகிறது. 695, 696, 697 ஆகியவற்றின் உயர் பிட்டுகள் ஒன்றே; 12 பிட் பிளாக் எண்ணில் இடது ஆறு பிட்டுகளை எடுத்தால் மூன்றுக்கும் 10 என்றே வரும். கீழ்ப்பக்க பிட்டுகளை இண்டெக்ஸாகக் கொண்டால் அவை 55, 56, 57 என்று தனித்தனி லைன்களில் அமரும். அருகில் இருப்பவை மோதிக்கொள்ளாமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே டேக் இடதுபுறமும் இண்டெக்ஸ் நடுவிலும் வைக்கப்படுகின்றன. இந்தக் காரணத்தைப் புரிந்துகொண்டால் வரிசையை மனப்பாடம் செய்ய வேண்டிய தேவையே இல்லை.

## "4-வே" என்றால் நான்கு செட் அல்ல

செட் அசோசியேட்டிவ் மேப்பிங்கில் லைன்களைச் சம அளவான குழுக்களாகப் பிரிக்கிறோம். ஒவ்வொரு குழுவும் ஒரு செட். ஒரு பிளாக் எந்த செட்டுக்குப் போக வேண்டும் என்பது நிலையானது. அந்த செட்டுக்குள் எந்த லைனில் வேண்டுமானாலும் அமரலாம். 4-வே என்பது ஒரு செட்டுக்குள் நான்கு லைன்கள் உண்டு என்பதைச் சொல்கிறது. எத்தனை செட்டுகள் என்பதை அது சொல்வதில்லை. நாம்தான் வகுத்துக் காண வேண்டும்.

நம் வினாவில் 64 லைன்கள். செட்டுக்கு நான்கு வீதம் 16 செட்டுகள். எனவே செட்டைக் குறிக்க 4 பிட், ஆஃப்செட் 4 பிட், டேக் 8 பிட்.

```
00101011 | 0111 | 1100
   43        7     12
```

695-ஐ 16-ஆல் வகுத்தால் ஈவு 43, மீதி 7. ஆகவே செட் 7, டேக் 43. திருப்பிப் பார்த்தால் 43 × 16 + 7 = 695; சரி.

இங்கே இரண்டு விதமான தவறுகள் வந்தன. முதல் வகையினர் 4-வே என்பதை நான்கு செட் என்று எடுத்துக்கொண்டு, செட்டுக்கு 2 பிட்டும் டேக்குக்கு 10 பிட்டும் ஒதுக்கி, 695-ஐ 4-ஆல் வகுத்து செட் 3 என்று எழுதினர். இரண்டாம் வகையினர் செட்டுகளின் எண்ணிக்கை 16 என்று சரியாகக் கண்டுவிட்டு, மீதி எடுக்கும்போது மட்டும் பழக்கத்தால் 64-ஆல் வகுத்து, செட் 55 என்று எழுதினர். இருப்பவை 0 முதல் 15 வரையுள்ள செட்டுகள்தான்; 55-ஆம் செட் என்று ஒன்று கிடையாது. விடையை எழுதியபின், அந்த எண் இருக்கக்கூடிய எல்லைக்குள் இருக்கிறதா என்று ஒரு கணம் பார்த்திருந்தாலே இரண்டாம் வகைத் தவறு பிடிபட்டிருக்கும்.

முதல் வகைத் தவறு அப்படிப் பிடிபடாது. அதனால் அதைப் பற்றிக் கூடுதலாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த விடைத்தாள்களில் பலவற்றில் "சரிபார்ப்பு: 10 + 2 + 4 = 16" என்று எழுதி டிக் போட்டிருந்தீர்கள். கூட்டுத்தொகை சரிதான். ஆனால் டேக்கின் அளவை நாம் கண்டதே 16-லிருந்து மற்ற இரண்டையும் கழித்துத்தான். கழித்துக் கண்டதைத் திரும்பக் கூட்டினால் எப்போதும் 16 தான் வரும். செட் பிட் தவறாக இருந்தாலும் வரும், ஆஃப்செட் தவறாக இருந்தாலும் வரும். இந்தச் சரிபார்ப்பு கழித்தலில் நேர்ந்த பிழையை மட்டுமே காட்டும்.

உண்மையில் பயன்படும் சரிபார்ப்பு வேறு:

```
செட்டுகள் × வே × பிளாக் அளவு = கேஷ் அளவு
16 × 4 × 16 = 1024
```

நான்கு செட் என்று கொண்டால் 4 × 4 × 16 = 256 பைட். கேஷ் 1024 பைட் என்று வினா சொல்லியிருக்கும்போது முக்கால் பங்கு எங்கே போயிற்று என்ற கேள்வி உடனே எழும். டைரக்ட் மேப்பிங்குக்கும் இதே சமன்பாடு பொருந்தும். அங்கே வே 1, செட்டுகள் 64. ஃபுல்லி அசோசியேட்டிவில் செட் 1, வே 64. ஒரே ஒரு செட்தான் என்பதால் தேர்ந்தெடுக்க எதுவும் இல்லை, ஆகவே இண்டெக்ஸ் 0 பிட், டேக் 12 பிட். மூன்று முறைகளையும் மூன்று தனித்தனிப் பாடங்களாகப் படிப்பதைவிட, ஒரே சமன்பாட்டில் வே என்ற எண் 1-லிருந்து 64 வரை நகர்வதாகப் பார்ப்பது தெளிவு தரும் என்பது என் கருத்து.

சுருக்கமாக: மீதி எடுப்பது செட்டுகளின் எண்ணிக்கையால். பிட்டுகளைக் கூட்டிப் பார்ப்பது போதாது. கேஷ் அளவைத் திரும்பப் பெருக்கிப் பாருங்கள்.

## "கேஷ் நிறைந்ததால் வெளியேற்றப்பட்டது"

வினாவின் அடுத்த பகுதியில், `0x2B7C`, `0x2F70` ஆகிய இரண்டு முகவரிகளை மாறி மாறி அணுகினால் டைரக்ட் மேப்பிங்கில் என்ன நடக்கும் என்று கேட்டிருந்தேன். தேடிய பிளாக் கேஷில் இருந்தால் அது ஹிட், இல்லையென்றால் மிஸ். `0x2F70` இருப்பது 759-ஆம் பிளாக்கில். 759-ஐ 64-ஆல் வகுத்தால் ஈவு 11, மீதி 55. இரண்டு பிளாக்குகளும் லைன் 55-க்கே உரியவை. ஒன்று வந்தால் மற்றொன்று வெளியேறும். எத்தனை முறை அணுகினாலும் ஒவ்வொன்றும் மிஸ்.

எல்லாம் மிஸ் என்ற முடிவைப் பலரும் சரியாக எழுதினீர்கள். ஆனால் காரணமாக "கேஷ் நிறைந்துவிட்டதால் பழைய பிளாக் நீக்கப்படுகிறது" என்று எழுதியதற்கு மதிப்பெண் தர இயலவில்லை. கேஷில் 63 லைன்கள் காலியாக இருக்கின்றன. இடம் இல்லாததால் அல்ல, இருவருக்கும் ஒரே இடம் விதிக்கப்பட்டிருப்பதால்தான் வெளியேற்றம் நடக்கிறது. இதற்கு மோதல் மிஸ் என்று பெயர். டைரக்ட் மேப்பிங்கின் குறையே இதுதான் என்பதால், காரணம் தவறாகப் போனால் முறையையே புரிந்துகொள்ளவில்லை என்று ஆகிவிடுகிறது.

இந்த இரண்டு முகவரிகளைத் தற்செயலாக நான் எடுக்கவில்லை. 695-ஆம் பிளாக்கின் தொடக்கம் `0x2B70`. அதற்கும் `0x2F70`-க்கும் இடையே உள்ள தூரம் சரியாக 1024 பைட், அதாவது முழு கேஷின் அளவு. டைரக்ட் மேப்பிங்கில், கேஷ் அளவின் மடங்கு தூரத்தில் இருக்கும் எந்த இரண்டு முகவரிகளும் ஒரே லைனில்தான் மோதும். நிரல் எழுதும்போது இது எப்படி வெளிப்படுகிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு:

```c
for (i = 0; i < 256; i++)
    sum += a[i] * b[i];
```

`a`, `b` இரண்டும் 4 பைட் எண்களைக் கொண்ட 256 உறுப்பு வரிசைகள். ஒவ்வொன்றும் 1024 பைட். `a` தொடங்குவது `0x2800`-ல், `b` தொடங்குவது `0x2C00`-ல் என்று கொள்வோம். `sum`, `i` இரண்டும் ரெஜிஸ்டரில் இருப்பதால் அவற்றைக் கணக்கில் எடுக்க வேண்டாம். `a[0]` மிஸ் ஆகி அதன் பிளாக் வருகிறது. `b[0]` அதே லைனுக்கு வந்து அதை வெளியேற்றுகிறது. `a[1]` முதல் பிளாக்கிலேயே இருந்தது, ஆனால் அந்த பிளாக் இப்போது கேஷில் இல்லை, மீண்டும் மிஸ். இப்படியே 512 அணுகல்களும் மிஸ்.

அதே நிரலை அதே அளவுள்ள 4-வே கேஷில் ஓட்டுங்கள். இரண்டு பிளாக்குகளும் ஒரே செட்டுக்குத்தான் வருகின்றன, ஆனால் அங்கே நான்கு இடங்கள் இருப்பதால் ஒன்று மற்றொன்றைத் துரத்தத் தேவையில்லை. ஒரு பிளாக்கில் நான்கு எண்கள். முதல் எண்ணுக்கு மிஸ், அடுத்த மூன்றுக்கும் ஹிட். மொத்தம் 128 பிளாக்குகளுக்கு 128 மிஸ் மட்டுமே. கேஷின் அளவு ஒரு பைட்கூடக் கூடவில்லை. மேப்பிங் மாறியதால் மட்டுமே 512 மிஸ் 128 ஆகக் குறைந்தது. "செட் அசோசியேட்டிவ் ஏன் தேவை" என்ற வினாவுக்கு வரையறையை எழுதுவதைவிட இந்தக் கணக்கை எழுதுவது நல்ல விடை.

## ஹிட் ஆனபோது வரிசையைத் திருத்தாமல் விடுவது

ஒரு செட் நிறைந்தபின் புதிய பிளாக் வந்தால் எதை வெளியேற்றுவது என்ற முடிவு எழுகிறது. எல்ஆர்யூ விதிப்படி, நெடுநேரமாகத் தொடப்படாத பிளாக் வெளியேற வேண்டும். ஃபிஃபோ விதிப்படி, முதலில் உள்ளே வந்தது முதலில் வெளியேற வேண்டும். எல்ஆர்யூ என்று தலைப்பிட்டுவிட்டு ஃபிஃபோ செய்திருக்கும் விடைகள் நிறைய.

நம் 4-வே கேஷில் செட் 7 காலியாக இருக்கும்போது 695, 759, 7, 23, 695, 39, 695 என்ற வரிசையில் பிளாக்குகள் அணுகப்படுவதாகக் கொள்வோம். எல்லாவற்றையும் 16-ஆல் வகுத்தால் மீதி 7 தான். முதல் நான்கும் மிஸ், செட் நிறைகிறது. ஐந்தாவதாக வரும் 695 ஹிட். இங்கேதான் கவனம் வேண்டும்: ஹிட் என்பதால் உள்ளே எதுவும் மாறவில்லை என்று எண்ணி அடுத்த அணுகலுக்குப் போய்விடுகிறீர்கள். உள்ளிருக்கும் பிளாக்குகள் மாறவில்லை, ஆனால் அவற்றின் பயன்பாட்டு வரிசை மாறிவிட்டது. பழையதிலிருந்து புதியதாக எழுதினால் இப்போது வரிசை 759, 7, 23, 695. ஆகவே 39 வரும்போது வெளியேறுவது 759. கடைசியாக வரும் 695 ஹிட்.

வரிசையைத் திருத்தாதவர்கள் 695-ஐ வெளியேற்றி, கடைசி அணுகலை மிஸ் என்று எழுதினர். ஏழு அணுகல்களில் இரண்டு ஹிட் என்பது சரியான விடை. ஒரே ஹிட் என்று வந்தால் நீங்கள் செய்தது ஃபிஃபோ. இதைத் தவிர்க்க, அட்டவணையில் ஒவ்வொரு அணுகலுக்கும் ஒரு வரி ஒதுக்கி, ஹிட்டுக்கும் மிஸ்ஸுக்கும் வேறுபாடு பாராமல் இந்தப் பயன்பாட்டு வரிசையைப் புதிதாக எழுதுங்கள். நேரம் கொஞ்சம் கூடுதலாகும். மனத்தில் வைத்துக்கொண்டு செய்வதைவிட அது பாதுகாப்பானது.

## இன்னும் இரண்டு

முகவரி எதைக் குறிக்கிறது என்பதைப் பார்க்காமல் ஆஃப்செட்டை எழுதிவிடுகிறீர்கள். ஒரு வேர்டு 4 பைட், ஒரு பிளாக் நான்கு வேர்டு என்று வினா தந்தால், ஒவ்வொரு பைட்டுக்கும் முகவரி இருக்கும்போது ஆஃப்செட் 4 பிட். ஒவ்வொரு வேர்டுக்கும் மட்டுமே முகவரி இருக்கும்போது 2 பிட். பிளாக்கின் அளவு ஒன்றேதான். எண்ணும் அலகுதான் வேறு.

டேக்குகளைச் சேமிக்க எத்தனை பிட் தேவை என்ற வினாவில், 4-வே கேஷுக்கு 16 செட்டுகளால் பெருக்கியவர்கள் பலர். டேக் சீட்டு ஒவ்வொரு லைனுக்கும் ஒன்று. செட்டுக்கு ஒன்று என்றால் நான்கு கட்டுகளை ஒரே சீட்டால் எப்படி அடையாளம் காண்பது? லைனில் இருப்பது உண்மையான தரவா வெற்றிடமா என்று சொல்லும் வேலிட் பிட் ஒன்றையும் சேர்த்து, 4-வே கேஷுக்கு 64 × (8 + 1) = 576 பிட், டைரக்ட் மேப்பிங்குக்கு 64 × (6 + 1) = 448 பிட். கேஷ் 1 கிலோபைட் என்று சொல்லும்போது இந்த பிட்டுகள் அதில் சேராது. அந்த அளவு தரவுக்கு மட்டுமே உரியது.

## அடுத்த வகுப்புக்கு முன்

லேப்பில் உள்ள லினக்ஸ் கணினியில் கீழ்க்காணும் கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள்.

```
getconf -a | grep LEVEL1_DCACHE
```

அளவு, வே, லைன் அளவு ஆகிய மூன்று எண்கள் வரும். `LEVEL1_DCACHE_SIZE` 32768, `LEVEL1_DCACHE_ASSOC` 8, `LEVEL1_DCACHE_LINESIZE` 64 என்பது பல இன்டெல் பிராசசர்களில் காணப்படும் அமைப்பு; அப்படி வந்தால் 32768 / 64 = 512 லைன்கள், 512 / 8 = 64 செட்டுகள், ஆக செட்டுக்கு 6 பிட், ஆஃப்செட்டுக்கு 6 பிட். உங்கள் கணினியில் வேறு எண்கள் வந்தால் அவற்றுக்கு இதே கணக்கைச் செய்து நோட்டில் எழுதி வாருங்கள்.

அதோடு, தேர்வில் வந்த வினாவையே 2-வே கேஷாக மாற்றி, `0x2B7C`, `0x2F70` இரண்டுக்கும் டேக், செட், ஆஃப்செட் மூன்றையும் கண்டு, பெருக்கிச் சரிபார்த்த வரியுடன் கொண்டு வர வேண்டும். முதல் முகவரிக்கு டேக் 21, செட் 23 என்றும், இரண்டாவதற்கு டேக் 23, செட் 23 என்றும் வர வேண்டும். வராவிட்டால் விடையை அழிக்காமல் அப்படியே கொண்டு வாருங்கள், எந்த வரியில் விலகியது என்று சேர்ந்தே பார்ப்போம்.